ஒரே மேசை, மூன்று தராசுகள்

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டு விடுவோம் என்ற கர்வம். எனக்கும் அது இருந்தது. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களையும் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவனுக்கு, வேலைதேடி வந்த ஓர் இளைஞனை எடைபோடுவது என்ன பெரிய காரியமா என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

2010 ஆம் ஆண்டு. கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழுக்குப் பயிலுநர் நிருபர்கள் இருவரைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. பத்திரிகையின் பெயர் இங்கு முக்கியமல்ல. நேர்முகப் பரீட்சைக்கு 11 பேர் வந்திருந்தார்கள். மேசையின் இப்பக்கத்தில் நாங்கள் மூவர்: பிரதம ஆசிரியர், ஆளணி முகாமையாளர், செய்திப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த நான். எங்கள் கையில் ஒரு புள்ளித்தாள் தரப்பட்டிருந்தது. தோற்றம், ஆளுமை, பொது அறிவு, மொழி ஆற்றல், ஆர்வம் என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள், மொத்தம் 100. இலங்கையில் எத்தனையோ அலுவலகங்களில் இன்றும் புழங்கும் தாள்தான் அது.

மலையகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்திருந்தார். தோட்டப் பாடசாலையில் படித்து, உயர்தரத்தில் தமிழில் சிறந்த பெறுபேறு பெற்றவர். மெல்லிய குரலில், யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அவர் எழுந்து போனபின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தோம். ஆளணி முகாமையாளர் 78 போட்டிருந்தார். நான் 61. பிரதம ஆசிரியர் 46.

எங்களில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தோம், 61.7 வந்தது. இரண்டாமிடத்தில் இருந்த இளைஞருக்கு 66. எனவே பெண்பிள்ளை மூன்றாமிடத்துக்குப் போனார். வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

இருவரையும் பிரித்தது சுமார் 4 புள்ளிகள். ஆனால் அந்தப் பெண்ணைப்பற்றி எங்கள் மூவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 32 புள்ளிகள். அளவுகோலே 32 அங்குலம் ஆடும்போது 4 அங்குல வித்தியாசத்தை வைத்து உயரம் தீர்மானித்திருக்கின்றோம். சராசரி என்ற கணக்கு அந்த ஆட்டத்தை அழகாக மூடி மறைத்துவிட்டது.

தெரிவு செய்யப்பட்ட இளைஞர் கெட்டிக்காரப் பேச்சாளர். சில மாதங்களில், ஒரு விபத்துச் செய்தியில் காயமடைந்தவரை இறந்தவராக எழுதிவிட்டார். யாரோ தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். மறுநாட் காலை அந்த மனிதரின் மகன் பத்திரிகையைக் கையிலேந்தியபடி எங்கள் வாசலில் நின்றார். அவரை எதிர்கொண்டவன் நான். அவர் சத்தம் போடவில்லை. தாயார் பத்திரிகையைப் பார்த்து மயங்கி விழுந்ததை மட்டும் சொன்னார்.

அன்றிரவு பழைய புள்ளித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு தகவல் உண்மையா பொய்யா என்று பார்க்கத் தெரியுமா என்பதை 11 பேரில் ஒருவரிடம்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. தோற்றத்துக்கு 20 புள்ளிகள் கொடுத்திருந்தோம்.

ஒரு சொல்லுக்கு மூன்று பொருள்

அந்த மூன்று எண்களும் ஏன் அவ்வளவு விலகி நின்றன என்பதை அறிய, மற்ற இருவரிடமும் பின்னர் பேசிப் பார்த்தேன். 'மொழி ஆற்றல்' என்பதற்கு எதைக் கணக்கில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். பிரதம ஆசிரியர் பழைய இலக்கியப் பரிச்சயத்தைப் பார்த்திருக்கின்றார். ஆளணி முகாமையாளர் விண்ணப்பக் கடிதத்தின் பிழையற்ற எழுத்தைப் பார்த்திருக்கின்றார். நான் தங்குதடையின்றிப் பேசுகின்றாரா என்று பார்த்திருக்கின்றேன். மூன்றும் மொழி ஆற்றல்தான். ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு பரீட்சைகளைத் திருத்தி, புள்ளிகளை மட்டும் ஒரே பெட்டிக்குள் போட்டிருக்கின்றோம்.

கேள்விகளும் அவ்வாறே. ஒருவரிடம் பிரதம ஆசிரியர் கம்பனைப்பற்றிக் கேட்டார். அடுத்தவரிடம் கிரிக்கெட் பற்றிக் கேட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞர் ஒருவர் வந்தபோது நானே, "தம்பி எந்த ஊர்? ஆருடைய மகன்?" என்று தொடங்கிவிட்டேன். அவருடைய பெரியப்பா எனக்குப் படிப்பித்தவர் என்று தெரியவந்தது. அதன்பின் அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் எனக்கு நல்லதாகவே கேட்டது. அவருக்கு நான் போட்ட புள்ளிகளை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கின்றது.

நம் நாட்டில் உயர்தர விடைத்தாள் திருத்திய ஆசிரியர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். பரீட்சைத் திணைக்களம் விடைத்தாளைக் கையில் கொடுத்து 'உங்கள் அனுபவத்தைக்கொண்டு புள்ளி போடுங்கள்' என்று ஒருபோதும் சொல்வதில்லை. முதலில் புள்ளியிடும் திட்டம் வரும். எந்தக் கருத்துக்கு எத்தனை புள்ளி என்று பரீட்சகர்கள் கூடிப் பேசுவார்கள். பிரதம பரீட்சகர் சரிபார்ப்பார். எழுதிய விடைக்கே இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கும்போது, காற்றில் கரைந்துபோகும் பேச்சுக்கு நாங்கள் எந்த ஏற்பாடும் வைத்திருக்கவில்லை.

குறிப்பட்டைகள்

2013 ஆம் ஆண்டு மீண்டும் பயிலுநர்களைத் தெரிவு செய்ய வேண்டி வந்தது. இம்முறை ஒழுங்குகளை நானே செய்கின்றேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இதுபற்றி ஏற்கெனவே உலகில் நிறைய வேலை நடந்திருக்கின்றது என்பதை அப்போதுதான் படித்து அறிந்தேன். ஜோன் பிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954 இல் எழுதிய ஒரு முறை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. காரணம், அது ஒரு நிருபர் செய்யும் வேலையைப் போலவே இருந்தது. நல்ல ஊழியனுக்கு என்ன குணங்கள் வேண்டும் என்று கேட்காதே. அந்த வேலையில் உண்மையில் நடந்த சம்பவங்களைக் கேள் என்கின்றது அம்முறை. குணங்களைக் கேட்டால் நேர்மை, உழைப்பு, ஆர்வம் என்று எந்த வேலைக்கும் பொருந்தும் சொற்களே வரும்.

ஆசிரியபீடத்தில் இருந்தவர்களிடம் வெற்று அட்டைகளைக் கொடுத்து இரண்டு விடயங்களைக் கேட்டேன். கடந்த ஆண்டு ஒரு பயிலுநர் செய்த எந்தக் காரியம் நம்மைக் காப்பாற்றியது? எந்தக் காரியம் நம்மைத் தலைகுனிய வைத்தது? என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், முடிவு என்னவாயிற்று என்று மட்டும் எழுதுங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று எழுத வேண்டாம் என்றேன். ஒப்புநோக்காளர்கள் எழுதிய அட்டைகளே மிகப் பயனுள்ளவையாக இருந்தன. பிழைகள் கடைசியாக அவர்கள் மேசைக்கல்லவா வருகின்றன.

சுமார் 40 அட்டைகள் சேர்ந்தன. மேசையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கினோம். நான்கு குவியல்கள் வந்தன. தகவலைச் சரிபார்த்தல் என்பது மிகப் பெரிய குவியல். துயரத்திலோ கோபத்திலோ இருக்கும் மனிதரை அணுகுதல் அடுத்தது. வேண்டியவர்களின் அழுத்தத்துக்கு முகங்கொடுத்தல் மூன்றாவது. தெளிவாக எழுதுதல் நான்காவது. தோற்றம் பற்றி ஓர் அட்டைகூட வரவில்லை.

எழுத்தை எழுதவைத்தே பார்க்க வேண்டும். பேசவைத்துப் பார்க்க முடியாது. ஆகவே நான்காவது குவியலை நேர்முகப் பரீட்சையிலிருந்து எடுத்து, தனியான எழுத்துப் பயிற்சியாக வைத்தோம். மீதி மூன்றுக்கும் நான்கு கேள்விகள்: சரிபார்த்தலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

கேள்வியைச் செய்த விதம்

நான் முதலில் எழுதிய கேள்வி இது: 'ஒரு செய்தியை வெளியிடுமுன் சரிபார்ப்பது முக்கியம் என்று கருதுகின்றீர்களா?' எழுதி முடித்தவுடனேயே அதன் அசட்டுத்தனம் தெரிந்தது. இல்லை என்று எவர் சொல்வார்? விடை கேள்விக்குள்ளேயே இருந்தது.

நல்ல சந்தர்ப்பக் கேள்வி ஒன்றில் இரண்டு நியாயங்கள் மோத வேண்டும். எந்தப் பக்கம் சென்றாலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டியிருக்க வேண்டும். அட்டைகளிலிருந்த ஓர் உண்மைச் சம்பவத்தைக்கொண்டு கேள்வியை இப்படி மாற்றினோம்:

'இரவு 9.40 மணி. முதற்பக்கம் 10.30 க்கு முடிய வேண்டும். ஒரு பஸ் விபத்து. பிரதேச நிருபர் 7 பேர் இறந்ததாகத் தொலைபேசியில் சொல்கின்றார். பொலிஸார் 4 பேர் என்கின்றார்கள். வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர் 5 பேர் என்கின்றார். தன் பெயரைப் போட வேண்டாம் என்கின்றார். மேசையில் நீங்கள் மட்டும் இருக்கின்றீர்கள். என்ன செய்வீர்கள்?'

இரண்டாவது கேள்வி கடந்தகாலம் பற்றியது: 'நீங்கள் உறுதியாக நம்பிய ஒரு தகவல் பிழை என்று பின்னர் தெரியவந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். எப்படித் தெரியவந்தது? என்ன செய்தீர்கள்?' பயிலுநர்களுக்குப் பத்திரிகை அனுபவம் இராது. ஆகவே பாடசாலையிலோ வீட்டிலோ ஊரிலோ நடந்ததாக இருக்கலாம் என்று கேள்வியிலேயே சேர்த்தோம். அவ்வாறு சேர்க்காவிட்டால், ஏற்கெனவே வாய்ப்புக் கிடைத்தவனுக்கே மீண்டும் புள்ளி போகும்.

மூன்றாவது, செத்தவீட்டுக்குப் படம் கேட்டுச் செல்ல வேண்டிய நிலைமை. நான்காவது, ஊர்க் கோயிற் கணக்கில் முறைகேடு என்று ஒரு முறைப்பாடு வருகின்றது. நிர்வாக சபைத் தலைவர் உங்கள் தாய்மாமன். இந்தக் கேள்வியை வாசித்ததும் பிரதம ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐசே, இது எங்களுக்கே கஷ்டமான கேள்வியப்பா" என்றார்.

1, 3, 5

கேள்வியைவிடக் கடினமானது புள்ளித்திட்டம். 'மிக நன்று, நன்று, சாதாரணம்' என்று எழுதினால் பழைய குழிக்குள்ளேயே மீண்டும் விழுவோம். ஒருவருடைய நன்று மற்றவருடைய சாதாரணம். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் 1, 3, 5 ஆகிய மூன்று படிகளில், விண்ணப்பதாரி என்ன சொன்னால் அந்தப் புள்ளி என்று எழுதினோம். இடைப்பட்டவற்றுக்கு 2, 4.

பஸ் விபத்துக் கேள்விக்கு நாங்கள் எழுதியது இது. பெரிய எண்ணே நல்ல செய்தி என்று 7 ஐப் போடுவேன் என்றாலோ, காரணம் சொல்லாமல் ஓர் எண்ணைத் தெரிந்தாலோ 1. பொலிஸாரை மேற்கோள்காட்டி 4 என்று போட்டு, மற்ற இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று ஆராயாமல் விட்டால் 3. ஐந்துக்கு மூன்று விடயங்கள் வேண்டும்: ஒவ்வொருவருக்கும் அந்த எண் எப்படித் தெரியும், கண்ணால் கண்டாரா, காதால் கேட்டாரா என்று விசாரிப்பது, வைத்தியசாலைப் பணிப்பாளர் போன்ற இன்னொரு மூலத்தை நாடுவது, உறுதியானதை மட்டும் யார் சொன்னது என்ற குறிப்புடன் நேரத்துக்குள் கொடுப்பது.

இதை அறைக்குள் இருந்தே எழுதிவிட்டுத் திருப்திப்படவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே நான்கு பேரிடம் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம். இருவர் பழுத்தவர்கள், இருவர் புதியவர்கள். அனுபவசாலிகளுக்குக் கூடுதலாகவும் புதியவர்களுக்குக் குறைவாகவும் புள்ளி வராவிட்டால் கேள்வியிலோ திட்டத்திலோ பிழை இருக்கின்றது என்று பொருள். மூத்த உதவி ஆசிரியர் ஒருவர், நாங்கள் நினைத்தே பார்க்காத விடை ஒன்றைச் சொன்னார். 'எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், இறந்தவர்களின் பெயர்களைக் கேட்பேன். ஏழு பேர் என்பவரால் ஏழு பெயர் சொல்ல முடிகின்றதா என்று பார்ப்பேன்' என்றார். எங்கள் திட்டத்தின்படி அவருக்கு 3 தான் வந்திருக்கும். திட்டத்தைத் திருத்தி அந்த விடையையும் ஐந்தின் கீழ் சேர்த்துக்கொண்டோம்.

ஒத்திகை

நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் மூவரும் ஒத்திகை பார்த்தோம். இளம் உதவி ஆசிரியர் ஒருவரை விண்ணப்பதாரியாக நடிக்கச் சொன்னேன். மட்டக்களப்பு வழக்கில், சற்றுத் தயங்கித் தயங்கி, ஆனால் விடயத்தோடு பேசும்படி அவருக்கு இரகசியமாகச் சொல்லியிருந்தேன். புள்ளிகள் 4, 4, 2 என்று வந்தன. அந்த 2 பிரதம ஆசிரியருடையது. ஏன் என்று கேட்டபோது, "திடமாகப் பேசவில்லையே" என்றார். தாளில் அப்படி ஒரு தலைப்பு இருக்கின்றதா என்று கேட்டேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் கைப்படவே, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'தயக்கமும் வட்டார வழக்கும் கணக்கில் இல்லை' என்று எழுதினார். பெரிய மனிதர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மலையகப் பிள்ளைக்கு 46 விழுந்தது எவ்விதம் என்பது எங்கள் இருவருக்கும் அந்தக் கணத்தில் விளங்கியிருக்கும் என்று நினைக்கின்றேன். வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

அன்றைய தினத்துக்கான விதிகளையும் அப்போதே வகுத்துக்கொண்டோம். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே ஒழுங்கில். உப கேள்விகள் இரண்டு மட்டும்: 'ஏன்?', 'வேறு ஏதாவது செய்வீர்களா?' குறிப்புக் கொடுத்து விடையை நோக்கித் தள்ளக்கூடாது. ஊர், பாடசாலை, உறவு பற்றிய பேச்சுப் புள்ளி போட்டு முடியும்வரை கூடாது. விண்ணப்பதாரி சொன்னதை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விடையும் முடிந்தவுடன், அடுத்த கேள்விக்கு முன், தனித்தனியே புள்ளி போட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் போட்டால் முதல் விடையின் பிரகாசமோ கடைசி விடையின் சொதப்பலோ எல்லாவற்றின்மீதும் படிந்துவிடும்.

இப்படி எல்லாவற்றையும் கட்டிப்போட்டால் நாம் எதற்கு, ஒரு இயந்திரம் போதுமே என்று பிரதம ஆசிரியர் ஆட்சேபித்தார். இதே ஆட்சேபணையை 1950 களின் நடுப்பகுதியில் இஸ்ரேலிய இராணுவத்தின் இளம் நேர்முகப் பரீட்சகர்களும் எழுப்பினார்கள். அவர்களுக்கு முறையை வகுத்துக் கொடுத்தவர், பிற்காலத்தில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டானியல் கானமன். அப்போது அவருக்கு வயது 21 அல்லது 22. ஆறு பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் புள்ளி போட்டுவிடுங்கள்; எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட சிப்பாயாக வருவார் என்று மனதில் படுவதை ஒரு புள்ளியாகப் போடுங்கள் என்று சமாதானம் சொன்னார். பின்னர் பார்த்தபோது, அந்த உள்ளுணர்வுப் புள்ளியும் ஆறு பண்புகளின் கூட்டுத்தொகையளவுக்கு நன்றாகவே பலித்தது. ஆனால் முன்னதாக அந்த ஆறையும் ஒழுங்காகச் செய்ததனால்தான் அது பலித்தது. இக்கதையைச் சொன்னதும் பிரதம ஆசிரியர் சமாதானமடைந்தார். தாளின் அடியில் அவருக்காக ஒரு பெட்டி வரைந்தோம்.

மேசையில் நடந்தது

மன்னாரிலிருந்து வந்த ஓர் இளைஞரைப்பற்றிச் சொல்கின்றேன். பஸ் விபத்துக் கேள்விக்கு அவருக்கு நான் 3 போட்டேன். பிரதம ஆசிரியரும் 3. ஆளணி முகாமையாளர் 5. விதிப்படி, வித்தியாசம் ஒன்றாயின் விட்டுவிடலாம். இரண்டோ அதற்கு மேலோ ஆனால் ஒவ்வொருவரும் தம் குறிப்பை உரத்து வாசிக்க வேண்டும். அபிப்பிராயம் சொல்லக்கூடாது; குறிப்பை மட்டுமே வாசிக்க வேண்டும். பதவியிற் குறைந்தவர் முதலில். பெரியவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இராது என்பது நம் அலுவலகங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

முகாமையாளர் வாசித்தார்: "நேரில் பார்த்தீர்களா, ஆரும் சொன்னார்களா என்று நிருபரைக் கேட்பன்." நான் என் தாளைப் பார்த்தேன். அந்த வாக்கியம் என்னிடமும் இருந்தது. எழுதியிருக்கின்றேன்; ஆனால் புள்ளியில் சேர்க்கத் தவறிவிட்டேன். 3 ஐ 4 ஆக்கி, காரணத்தை எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். முகாமையாளரும் திட்டத்தை மீண்டும் பார்த்தார். இன்னொரு மூலத்தை நாடுவது பற்றி அந்த இளைஞர் எதுவும் சொல்லவில்லை. ஆகவே அவர் 5 ஐ 4 ஆகக் குறைத்தார். பிரதம ஆசிரியரின் தாளில் அந்த வாக்கியம் இல்லை. தனக்குக் கேட்கவில்லை என்று 3 இலேயே நின்றார். 4, 4, 3. அவ்வளவுதான். மூவரும் ஒரே எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் மற்றவருக்காக வளைந்து கிடைக்கும் ஒற்றுமை, பழைய சராசரியைவிட மோசமானது.

2010 இலும் நாங்கள் வாதிட்டிருக்கின்றோம். அப்போது 'பெடியன் நல்ல துடிப்பு', 'எனக்கென்னவோ பிடிக்கவில்லை' என்று வாதிட்டோம். இப்போது அவர் என்ன சொன்னார் என்பதைப்பற்றி வாதிட்டோம்.

மாலையில் எல்லாத் தாள்களையும் வைத்து ஒரு சிறு சோதனை செய்தேன். முகாமையாளருடைய சராசரி என்னுடையதைவிடக் கிட்டத்தட்ட ஒரு புள்ளி அதிகம். அவர் தாராளமானவர். இது தனியே ஒரு பிழையல்ல, மூவரும் எல்லோரையும் பார்த்ததால் அந்தத் தாராளம் எல்லோருக்கும் சமமாகவே போயிருக்கின்றது, வரிசை மாறவில்லை. ஆனால் விண்ணப்பதாரிகள் அதிகம் என்று இரண்டு அறைகளாகப் பிரித்திருந்தால் கதை வேறு. எந்த அறைக்கதவைத் திறந்தார் என்பதே ஒருவரின் தலைவிதியாகிவிடும். அப்படிப் பிரிக்க நேரும் அலுவலகங்கள், முதலில் சிலரையாவது இரு குழுக்களும் சேர்ந்து பார்த்து, தராசுகளை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

செத்தவீட்டுக் கேள்விக்கு ஏறத்தாழ எல்லோருக்கும் 3 அல்லது 4 தான் விழுந்திருந்தது. எவரையும் பிரித்துக் காட்டாத கேள்வி அது. 'முதலில் ஆறுதல் சொல்வேன்' என்று எவருக்கும் சொல்லத் தெரியும். அதில் மோதல் இல்லை. அடுத்த முறை அதை மாற்றவேண்டும் என்று குறித்து வைத்தேன்.

இதன் எல்லைகள்

இம்முறையை மந்திரக்கோல் என்று சொல்லமாட்டேன். பிற்பகலில் வந்த இருவர் பஸ் விபத்துக் கேள்விக்கு அசாதாரணமான வேகத்தில் விடை சொன்னார்கள். கீழே தேநீர்க் கடையில் காலையில் வந்தவர்களோடு பேசியிருக்கின்றார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரே கேள்விகளைக் கேட்கும்போது இந்த ஆபத்து உண்டு. முடித்தவர்களையும் காத்திருப்பவர்களையும் வேறு வேறாக வைக்கவேண்டும். அல்லது அதே தரத்தில் இரண்டாவது கேள்வித் தொகுதி ஒன்று கைவசம் இருக்கவேண்டும்.

இன்னொன்று, இந்த முறை எவ்வளவு பலிக்கும் என்ற கேள்வி. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1998 இல் ஷ்மிட், ஹண்டர் ஆகிய இருவர் வெளியிட்ட கணக்கில், ஒழுங்கமைத்த நேர்முகப் பரீட்சைக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 என்று வந்தது. 1 என்றால் முழுப் பொருத்தம். 2022 இல் சக்கெட் என்பவரும் அவருடைய சகாக்களும் அக்கணக்கிலிருந்த மிகைத் திருத்தங்களைக் களைந்தபோது அது 0.42 ஆகக் குறைந்தது. ஆயினும் அவர்கள் ஒப்பிட்ட தெரிவு முறைகளுள் அதுவே முதலிடத்தில் நின்றது. ஒழுங்கமைக்காத நேர்முகப் பரீட்சைக்கு 0.19 தான். அதாவது, சிறந்த முறைகூட மனிதரின் எதிர்காலத்தில் பெரும்பகுதியை அறியாது. மோசமான முறை அதைவிடவும் மிகக் குறைவாகவே அறியும்.

2013 இல் நாங்கள் எடுத்த இருவரில் ஒருவர் நல்ல நிருபராக வந்தார். மற்றவர் ஒன்றரை ஆண்டில் வெளிநாடு சென்றுவிட்டார். இரண்டு பேரை வைத்து எந்த முறையையும் நிரூபிக்க முடியாது. நான் அதற்கு முயலவும் இல்லை.

ஆனால் ஒரு விடயத்தைச் சொல்லி முடிக்கின்றேன். அந்த 2013 நேர்முகப் பரீட்சை முடிந்த இரவு, எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 2010 இல் வந்த அந்த மலையகப் பெண்பிள்ளைக்குப் புதிய திட்டத்தின்படி எத்தனை புள்ளி வந்திருக்கும் என்று பார்ப்போமே என்று, என் மேசை இழுப்பறையிலிருந்து பழைய தாளைத் தேடி எடுத்தேன். சில கேள்விகள் ஒத்துப்போகாவிட்டாலும், அவர் சொன்னவற்றில் ஏதாவது ஒன்று இந்தப் படிகளில் எங்காவது பொருந்தும் என்று நம்பினேன்.

தாளில் ஐந்து எண்கள் இருந்தன. குறிப்புக்கான இடத்தில் என் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: 'அமைதி. தயக்கம்.'

இருபது நிமிடங்கள் அவர் எங்கள் முன் அமர்ந்து பேசியிருக்கின்றார். மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வதே தொழிலாகக் கொண்ட நான், அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூட எழுதி வைத்திருக்கவில்லை. நாங்கள் அவருக்குச் செய்தது சரியா பிழையா என்று அறிவதற்குக்கூட இப்போது வழியில்லை.

அந்தத் தாளை நான் எறியவில்லை. யாரையாவது தெரிவு செய்யும் மேசையில் அமர வேண்டி வரும்போதெல்லாம், போவதற்கு முன் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கின்றேன்.